முதலில் முறையைச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது, புனேயில் வேலை. அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குக் கம்பம் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. அம்மாதான் அவர்கள் வீட்டில் மூத்தவர் என்பதால் என் கடைசிச் சித்தியின் பையன்களுக்கு 17, 15 வயதுதான் ஆகிறது, கடைசி மாமா பெண்ணுக்கு 14. பார்த்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. போன தடவை "என்னப்பா, நல்லா படிக்கிறியா?" என்று கேட்டேன், "ம்" என்றார்கள், அத்தோடு சரி. விறைப்பாகவும் வாத்தியார் மாதிரியும் இல்லாமல் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

பதில்:

அந்தப் பிள்ளைகள் உங்களைப் பார்த்ததும் நெளிவது பெரும்பாலும் திமிரால் இல்லை, வெட்கம்கூட இரண்டாவதுதான். உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். 15 வயதுப் பையன். எதிரே நரைக்கத் தொடங்கிய ஒரு மனிதர். வயதைப் பார்த்தால் அப்பாவின் நண்பர் போல இருக்கிறார், 'அங்கிள்' என்றுதான் வாயில் வருகிறது. ஆனால் பெரியம்மா மகன், அதாவது அண்ணன் முறை. 'அண்ணா' என்றால் பக்கத்தில் நிற்கும் யாராவது சிரிப்பார்களோ, 'மாமா' என்றால் அம்மா திட்டுவாளோ. ஆங்கிலத்தில் 'கசின்' என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிடலாம், பள்ளியில் நண்பர்களிடம் அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் 'கசின், வாங்க' என்று யாரையும் கூப்பிட முடியாதே. நம் ஊரில் வாயைத் திறக்க முதலில் முறை வேண்டும். அது தெரியாதபோது பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கும் வழிதான் அந்த "ம்".

நான் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வகுப்புகளுக்கு 22 வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள், எங்கள் குடும்பத்தில் மூத்த பிள்ளையும் நான்தான். வகுப்பில் வாய் ஓயாத பிள்ளைகள் கல்யாண வீட்டில் தூணோடு தூணாக நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் 'மிஸ்' என்ற ஒரு சொல் கையில் இருக்கிறது, மண்டபத்தில் அது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் உங்கள் முதல் வாக்கியத்தின் வேலை அந்தச் சொல்லை அவர்கள் கையில் கொடுப்பது. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். நம்மில் முக்கால்வாசிப் பேர் இதற்கு நேர் எதிராகச் செய்கிறோம். "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பாப்போம்!" சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, முன்னறிவிப்பில்லாத வாய்மொழித் தேர்வு. தெரிந்தால் மார்க் இல்லை, தெரியாவிட்டால் அவமானம். "தெரியலையா? சின்ன வயசுல என் தோள்லதான் தூங்குவே" என்று அடுத்த வரி வந்தால் கூடவே ஒரு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கேள்வியை மட்டும் நீங்கள் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

பதிலுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். "டேய், நான் பெரியம்மா பையன், புனேல இருக்கேன்ல, அந்த அண்ணன். தலை நரைச்சிருச்சு, ஆனா அண்ணன்தான்." இதில் யார் என்பது வந்துவிட்டது, என்ன கூப்பிட வேண்டும் என்பதும் வந்துவிட்டது, வயது விஷயத்தை நீங்களே உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். கிண்டல் எப்போதும் உங்கள் மேல் இருக்கட்டும், அவர்கள் மேல் வேண்டாம்.

மாமா பெண் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. முறைப்படி நீங்கள் அவளுக்கு அத்தை மகன், உங்கள் பக்கத்தில் 'அத்தான்' அல்லது 'மச்சான்'. முறைப்பெண்ணைக் கேலி செய்வது பெரியவர்களுக்குப் பழகிப்போன விளையாட்டு, "இந்தா, உன் அத்தான் வந்துட்டான் பாரு" என்று எந்தப் பாட்டியாவது கட்டாயம் ஆரம்பிப்பார். பாட்டி காலத்தில் அது பாசம். கல்யாணமான 43 வயது ஆளையும் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பிள்ளையையும் வைத்து அதைச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அருவருப்பாக இருக்கும், அன்று முழுக்க நீங்கள் இருக்கும் பக்கமே வரமாட்டாள். நீங்கள் சிரித்துச் சமாளித்தால் நீங்களும் அந்தக் கேலியில் சேர்ந்ததாகத்தான் அவள் எடுத்துக்கொள்வாள். "அட விடுங்க அம்மாச்சி, பிள்ளை ஓடிரப் போகுது" என்று லேசாகச் சொல்லி அங்கேயே வெட்டிவிடுங்கள். அவளிடம், "அண்ணான்னே கூப்பிடு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லலாம். இப்போது பல வீடுகளில் மாமா பிள்ளைகளும் அண்ணன், அக்கா என்றே அழைக்கிறார்கள், முறை ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

நீ, நீங்க என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கம் தம்பி முறைப் பையனை 'நீங்க' என்று அழைத்தால் அது மரியாதையாகப் போய்ச் சேராது, தள்ளி நிறுத்துவது போல இருக்கும். விறைப்பு என்று நீங்கள் சொன்னதில் பாதி இதிலிருந்துகூட வரலாம். ஆனால் இதை ஊருக்கு ஊர் ஒரே மாதிரி வைக்க முடியாது. கோவை, ஈரோடு பக்கம் சின்னப் பிள்ளையையே "வாங்க கண்ணு, சாப்டீங்களா?" என்பார்கள், அங்கே அதுதான் நெருக்கம். உங்களுக்கு 'நீ' போதும். பையன்களிடம் 'டா' வந்தால் வரட்டும், தானாக வராவிட்டால் முயற்சி செய்து வரவழைக்க வேண்டாம். பெண் பிள்ளையிடம் 'டி' வேண்டாம், ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கும் ஓர் ஆணின் வாயிலிருந்து அது உறுத்தும். 'பாப்பா'வும் வேண்டாம், 14 வயதில் அவளைச் சிறுமியாக்குவதைப் போல ஆத்திரமூட்டுவது வேறில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். 'ப்ரோ' என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். அவர்கள் மொழியை நாம் பேசினால் அவர்களுக்கு நம்மைப் பார்த்துக் கூச்சமாகிவிடுகிறது.

போவதற்கு முன்தினம் அம்மாவிடம் பத்து நிமிஷம் போனில் பேசிவிடுங்கள். மூன்று விஷயம் கேட்டால் போதும். ஒன்று, அவர்கள் இப்போது எந்தப் பேரில் அழைக்கப்பட விரும்புகிறார்கள். சின்ன வயதில் குட்டி, சின்னு என்று கூப்பிட்டிருப்போம், 17 வயதில் நாலு பேர் முன்னால் அந்தப் பேர் வேண்டாதிருக்கலாம். இரண்டு, என்ன வகுப்பு. இது தெரிந்துகொள்வதற்குத்தான், அங்கே போய் எடுத்து விடுவதற்கு இல்லை. மூன்றாவதுதான் முக்கியம்: எதைக் கேட்கக் கூடாது. பெரியவன் நீட் எழுதி மார்க் வராமல் மறுபடி படிக்கிறானா, சின்னவன் பள்ளி மாறினானா, சித்தி வீட்டில் ஏதாவது மனஸ்தாபமா. இது தெரியாமல் போனால் நீங்கள் நல்லெண்ணத்தில் கேட்கும் ஒரு கேள்வி நேராக அந்தப் புண்ணில் போய் விழும்.

மார்க் கேட்பதைப் பற்றி வாத்தியாராக இருந்தவள் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பேர் சொல்லி அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. சொந்தக்காரர்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை.

தோற்றத்தைப் பற்றியும் பேச வேண்டாம். இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். ஒரு வளைகாப்பில் என் சித்தப்பா மகளைப் பார்த்தேன், 16 வயது அப்போது. பாசத்தில்தான், "என்னடி அடையாளமே தெரியல, இப்படி இளைச்சுட்டே, சாப்பிடுறதே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள். நான் திறந்துவிட்ட கதவு வழியே எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள். ஒருத்தி ரத்தசோகை என்றாள், ஒருத்தி ராத்திரி முழுக்க போன் பார்ப்பதால் என்றாள், இன்னொருத்தி பேரீச்சம்பழம் சிபாரிசு செய்தாள். அந்தப் பிள்ளை முதல் பந்திக்கு வரவில்லை. கடைசிப் பந்தியில், ஆளில்லாத நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனாள். நான் கேட்டது ஒரு வரி, அவளுக்கு அன்றைய நாள் முழுக்கப் போனது. வளர்ந்துட்டே, கறுத்துட்டே, மீசை வந்துருச்சு, குரல் உடைஞ்சுருச்சு, முகத்துல என்ன பரு, எல்லாமே இந்தக் கணக்குதான். அதிலும் 15 வயதுப் பையனின் குரல் அவன் கட்டுப்பாட்டிலேயே இல்லாத நேரம், அதைச் சுட்டிக்காட்டினால் அப்புறம் அவன் வாயே திறக்கமாட்டான்.

சரி, அன்றைக்கு என்ன நடக்கும் என்று பார்ப்போம். மலையடிவாரக் கோயில். ஒரு பக்கம் மொட்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், ஆசாரி வந்துவிட்டாரா என்று ஒருவர் தேடுவார், அண்ணியின் தம்பி தாய்மாமன் தோரணையில் புது வேட்டியில் நிற்பார், பின்னால் கெடா வெந்துகொண்டிருக்கும். பந்தலின் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில், முதுகைச் சாய்த்தபடி உங்கள் மூன்று பேரும் போனோடு இருப்பார்கள். இந்த இடத்தில் நீங்கள் நேராகப் போய் அவர்கள் எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தால் அது இன்டர்வியூ ஆகிவிடும். பக்கவாட்டில் நில்லுங்கள், அல்லது அதே வரிசையில் உட்காருங்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சின் இடைவெளி யாருக்கும் உறுத்தாது.

முதலில் மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு "என்னப்பா, எப்ப வந்தீங்க?". நம் மொழியில் 'எப்ப வந்தே', 'சாப்டியா' என்பவை கேள்வி மாதிரி இருந்தாலும் வணக்கம்தான், பதில் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை, அதனால்தான் அவை பாதுகாப்பானவை. அடுத்து யார் என்ற அந்த வரி. அப்புறம் பேர் சொல்லி ஒவ்வொருவருக்கும் ஒரு தலையசைப்பு. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை யார் என்று அம்மா சொல்லியிருப்பார், அந்தப் பிள்ளையிடம் மட்டும் திரும்பிப் பேசிவிடாதீர்கள். மற்ற இரண்டு பேரும் அதைக் கண்டிப்பாகக் கவனிப்பார்கள்.

பிறகு ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று. "ஸ்கூல் எப்படி இருக்கு?" என்றால் "நல்லாருக்கு"தான் பதில், வேறு என்ன சொல்ல முடியும்? உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத, அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். "இங்க எந்த சிம்முக்குடா டவர் எடுக்குது? எனக்கு ஒரு கோடுகூட வரலை." மலையடிவாரத்தில் இதற்கு அவர்கள்தான் நிபுணர்கள். எந்தப் பாறை மேல் ஏறினால் இரண்டு கோடு வரும் என்று வந்த பத்தாவது நிமிஷமே கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். பெரியவன் வாயால் சொல்லாமல் கையால் ஒரு திசையைக் காட்டுவான். சின்னவன், "அங்க இல்லண்ணா, அந்தப் புளியமரத்துக்கிட்ட" என்பான். அந்த 'அண்ணா' வந்துவிட்டதா, உங்கள் வேலை முடிந்தது.

முடிந்ததும் எழுந்து போய்விடுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. பேச்சு நன்றாகத் தொடங்கியதும் சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து, ஐந்தாவது நிமிஷத்தில் பேச எதுவும் இல்லாமல், "அப்புறம், அடுத்து என்ன படிக்கப் போறே?" என்று போய் முட்டிக்கொள்கிறோம். இரண்டு நிமிஷம் போதும். "சரி, ஆசாரி வந்துட்டாரான்னு பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்புங்கள்.

இரண்டாவது சந்திப்பு பந்தியில். முடிந்தால் சேர்ந்து ஒரு வேலை செய்யும்படி அமைத்துக்கொள்ளுங்கள். "போய் தண்ணி வைடா, சும்மா உக்காந்திருக்கே" என்பது அதட்டல். "நான் இந்த வரிசைக்கு இலை போடுறேன், நீ பின்னாடியே டம்ளர் வச்சுட்டு வர்றியா?" என்பது கூட்டு. வேலை ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் நீங்களும் குனிந்து நிமிர்கிறீர்கள். கை வேலையாக இருக்கும்போது பிள்ளைகள் தாமாகப் பேசுவார்கள். யார் இரண்டாம் தடவை எலும்பு கேட்டார், எந்தத் தாத்தா இலையை மடிக்க மறந்தார் என்று ஏதோ ஒரு சிரிப்பு கிடைக்கும். அந்தச் சிரிப்பு மாலை வரை தாங்கும்.

உங்கள் பேச்சு உபதேசமாகிவிட்டதா என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் அடையாளம் ஒன்றுதான். வாக்கியம் '-ணும்' என்று முடிகிறதா என்று உங்கள் காதாலேயே கேளுங்கள். படிக்கணும், குறைச்சுக்கணும், பழகிக்கணும், பெரியவங்க வந்தா எந்திரிக்கணும். 'நான் உன் வயசுல' என்று தொடங்கும் வாக்கியம் பத்தில் ஒன்பது தடவை அங்கேதான் போய் நிற்கும். அதே கதையை நீங்கள் அசடு வழிந்த கதையாகச் சொன்னால் முடிவில் '-ணும்' வராது. "இதே கோயில்ல எங்க அப்பாவுக்குத் தெரியாம ஆத்துல குளிக்கப் போயி செருப்பைத் தொலைச்சேன்" என்பதில் என்ன புத்திமதி இருக்கிறது?

ஆபத்து உங்களிடமிருந்து மட்டும் வராது. சித்தி நிச்சயம் வருவார். "நல்லா கேளுப்பா, எந்நேரமும் போன்தான், நீயாவது புத்தி சொல்லு" என்று பையன் காது கேட்கவே சொல்வார். அந்த நொடியில் பையன் முகத்தைப் பாருங்கள், நீங்கள் யார் கட்சி என்று பார்த்துக்கொண்டிருப்பான். சித்தியையும் விட்டுக்கொடுக்க முடியாது, அவர் கவலை பொய்யில்லை. "சித்தி, அது அப்புறம் நம்ம பேசுவோம், எனக்கு முதல்ல பசிக்குது" என்று அவரைத் திசை திருப்புங்கள். பிறகு தனியாக அவரிடம் பேசுங்கள், பையனை வைத்துக்கொண்டு வேண்டாம். அதே போல, "இவன் ஏன் பேசவே மாட்டேங்கிறான்?" என்று பிள்ளை நிற்கும்போதே அவன் அம்மாவிடம் கேட்காதீர்கள். ஆளை எதிரில் வைத்துக்கொண்டு 'இவன்' என்று படர்க்கையில் பேசுவது எந்த வயதிலும் வலிக்கும்.

மாமா தன் மகளை உங்கள் முன் நிறுத்தி, "அண்ணன் கால்ல விழுந்து கும்பிட்டுக்கோ" என்று சொல்லவும் கூடும். அவள் கழுத்து வரை சிவந்துபோய் நிற்பாள். பாதி குனியும்போதே "நல்லா இரும்மா, போதும்" என்று முடித்துவிடுங்கள். "நல்லா படிச்சு, டாக்டராகி, அப்பா அம்மா பேரைக் காப்பாத்தி" என்று நீளமாக வாழ்த்தினால் அது ஆசீர்வாதத்தின் வேஷம் போட்ட உபதேசம். கன்னத்தைக் கிள்ளுவதும் தலையைக் கலைப்பதும் 14 வயதோடு காலாவதியானவை. பையன்களுக்குத் தோளில் ஒரு தட்டு போதும்.

கையில் காசு கொடுக்கும் பழக்கம் இருந்தால், கிளம்பும்போது, யாரும் பார்க்காத நேரத்தில், மூன்று பேருக்கும் ஒரே நோட்டு. பெரியவனுக்கு 500, சின்னவளுக்கு 200 என்று வயதுக்கு ஏற்பப் பிரித்தால் பத்து நிமிஷத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். கொடுக்கும்போது "நல்லா படி" என்று சேர்க்க வேண்டாம், காசு கட்டணமாக மாறிவிடும். "வழியில ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்க" போதும்.

இதையெல்லாம் செய்தும் பெரியவன் காதில் மாட்டியதை எடுக்காமலே இருந்துவிடலாம். 17 வயதில், அதுவும் பரீட்சை வருஷத்தில், ஊர் விசேஷத்துக்கு இழுத்து வரப்பட்ட பிள்ளைக்கு உங்களைத் தாண்டி ஆயிரம் பாரம் இருக்கும். அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொண்டு மூன்றாவது தடவை போய் நிற்காதீர்கள். மாறாக, அவனே வந்து புனே கல்லூரிகளைப் பற்றியோ உங்கள் வேலையைப் பற்றியோ கேட்டால் அப்போது தாராளமாகச் சொல்லலாம், படிப்புப் பேச்சு என்று பயந்து நழுவ வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காத இரண்டாவது பாகம் வேண்டாம்.

வேன் ஏறும் நேரத்தில் யாராவது போன் நம்பர் கேட்டால் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்கள் இன்ஸ்டாகிராமை நீங்களாகத் தேடிப் போகாதீர்கள், அன்று ராத்திரி முதலில் ஒரு 'ஹாய் அண்ணா' வந்தால் வரட்டும்.